பந்தடக்கம் என்னும் பொய்க் கணக்கு

சென்ற வாரம் சக ஆய்வாளர் ஒருவர் தம் கட்டுரை வரைவை எனக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார். விளையாட்டு வருணனை மொழியில் வெற்றியும் தோல்வியும் எவ்வாறு சொல்லப்படுகின்றன என்பது அவருடைய பொருள். நல்ல உழைப்பு. ஆனால் நான்காம் பக்கத்தில் ஓர் அட்டவணை. அதில் ஒவ்வோர் ஆட்டத்திற்கும் நேரே ‘ஆதிக்கம்’ என்றொரு பத்தி. அப்பத்தியின் கீழே 62, 58, 71 என்று எண்கள். என்னவென்று பார்த்தால், தொலைக்காட்சித் திரையின் அடியில் ஓடும் பந்துவச விழுக்காடு. அதை அப்படியே எடுத்து, ஆதிக்கத்தின் அளவாக நிறுத்தி, ‘ஆதிக்கம் செலுத்தியும் தோற்ற அணிகளை’ வருணனையாளர்கள் எவ்வாறு பேசுகிறார்கள் என்று முப்பது பக்கம் எழுதியிருக்கிறார். அடித்தளம் இல்லாத வீட்டிற்கு மேல்மாடி கட்டிய கதை. அவருக்குத் தனியாக எழுதியதையே விரித்து இங்கே இடுகிறேன். ஏனெனில் இந்தப் பிழை அவர் ஒருவருடையதன்று.

முதலில் சொல்லைப் பார்ப்போம்; மொழியியல் படித்தவனுக்கு அது பழக்கதோஷம். நான் குடியிருக்கும் மட்டாஞ்சேரியில் காலை நாளேட்டைப் புரட்டினால் விளையாட்டுப் பக்கத்தில் ‘பந்தடக்கம்’ என்ற மலையாளச் சொல் கண்ணில் படும். பந்தை அடக்கி ஆள்தல். நம் தமிழ் ஏடுகளோ ‘பந்து ஆதிக்கம்’ என்கின்றன. இரண்டு சொற்களும் ஓர் அளவைக்குப் பெயர் வைக்கவில்லை, தீர்ப்பையே வழங்கிவிடுகின்றன. அறுபது விழுக்காடு அடக்கியவன், அறுபது விழுக்காடு ஆண்டவன் என்றாகிவிட்டால் அவன் தோற்கும்போது அது அநீதியாகத்தான் தோன்றும். கலூர் மைதானத்தில் கேரள பிளாஸ்டர்ஸ் தோற்ற இரவுகளில் மஞ்சள் சட்டையோடு படகுத்துறைக்குத் திரும்பும் கூட்டத்தில் இந்த அநீதிப் புலம்பலை எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! ‘பந்து முழுக்க நம்மிடம்தானே இருந்தது?’ இருந்தது. எங்கே இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

அந்த எண் எப்படிப் பிறக்கிறது? பலர் நினைப்பது போல, ஒருவர் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒவ்வோர் அணியின் காலில் பந்து எத்தனை நொடி இருந்தது என்று அளப்பதில்லை. சதுரங்கக் கடிகார முறை என்ற பெயரில் அப்படி அளந்ததுண்டு. ஆனால் ஆப்டா போன்ற தரவு நிறுவனங்கள் எளிய வழி ஒன்றைக் கைக்கொண்டன. இரு அணிகளும் கொடுத்த பாஸ்களை எண்ணு; மொத்தத்தில் ஓர் அணியின் பங்கு எவ்வளவோ அதுவே அதன் பந்துவச விழுக்காடு. நேரம் அங்கே இல்லை; இடம் அங்கே இல்லை. இருப்பது பாஸ்களின் எண்ணிக்கை மட்டுமே. தன் பெட்டிக்கு முன்னால் இரண்டு நடுத்தற்காப்பாளர்கள் தங்களுக்குள் பத்துமுறை பந்தைத் தட்டிக்கொண்டால் பத்து. எதிரணியின் நான்கு தற்காப்பாளர்களையும் பிளந்து செல்லும் ஒரு பாஸ், ஒன்று. கணக்குப்படி முன்னதற்குப் பின்னதைக் காட்டிலும் பத்து மடங்கு மதிப்பு.

மொழியியல் மாணவர்களுக்கு இது உடனே விளங்கும். ஓர் உரையாடலில் யார் அதிகச் சொற்களைப் பேசினார் என்று எண்ணி, அவரே உரையாடலை நடத்தினார் என்று எவரேனும் எழுதினால் நாம் விடுவோமா? ‘அதாவது’, ‘வந்து’, ‘என்னவென்றால்’ ஆகியவற்றையும் சேர்த்து எண்ணினாயா என்று கேட்போம். நடுத்தற்காப்பாளர்களிடையே போய்வரும் பாஸ், கால்பந்தின் ‘அதாவது’.

எண் எத்தனை தூரம் வழிதவறச் செய்யும் என்பதைக் காண ஓர் ஆட்டத்தை நுணுக்கமாகப் பார்க்கலாம். 2022 உலகக் கோப்பையில் டிசம்பர் 1 அன்று தோஹாவின் கலீஃபா மைதானத்தில் ஜப்பானும் ஸ்பெயினும் மோதின. நமக்கு அது நள்ளிரவு தாண்டிய பன்னிரண்டரை மணி. மன்றங்கள் கட்டிய திரைகளின் முன் கொச்சி விழித்திருந்த பருவம் அது. ஜப்பான் 2–1 என்று வென்றது. ஆப்டா கணக்கில் ஜப்பானின் பந்துவசம் 17.7 விழுக்காடு. 1966 முதல் அவர்களிடம் உள்ள உலகக் கோப்பைப் பதிவுகளில், வென்ற அணி ஒன்றின் மிகக் குறைந்த பங்கு அதுவே. ஸ்பெயின் கொடுத்த பாஸ்கள் 1058, ஜப்பான் 228. இருநூற்று இருபத்தெட்டை மொத்தமாகிய 1286-ஆல் வகுத்துப் பாருங்கள்: 17.7. மேலே சொன்ன கணக்கு முறை அப்படியே கண்முன் நிற்கிறது.

இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ‘அதிசயம்’ என்று முடித்துக்கொள்வார்கள். கோல்கள் விழுந்த விதத்தைப் பார்த்தால் அதிசயம் ஏதுமில்லை. முதல் பாதியில் மொராட்டாவின் தலையால் ஸ்பெயின் முன்னிலை பெற்றது. ஜப்பான் பின்வாங்கித் தன் பெட்டியைக் காத்தது. இடைவேளையில் பயிற்சியாளர் மொரியாசு, தோவானையும் மித்தோமாவையும் இறக்கினார். ஆட்டம் தொடங்கியதும் ஜப்பான் முன்னேறிச் சென்று ஸ்பெயினின் கோல்கீப்பர் உனை சிமோனையே நெருக்கியது. சிமோன் பந்தைப் பந்தாகவே வெளியே அடித்துவிட்டிருக்கலாம். ஆனால் அந்த அணியின் மறையே பாஸ்தான். நெருக்கடியிலும் இடப்பக்கம் நின்ற பால்தேயைத் தேடி அனுப்பினார். இட்டோ பாய்ந்து அதைத் தட்டிப் பறித்தார். பந்து தோவானிடம் விழுந்தது. பெட்டியின் விளிம்பிலிருந்து இடக்காலால் ஓர் உதை. சிமோனின் கைகளைத் தாண்டி உள்ளே. நாற்பத்தெட்டாம் நிமிடம். மூன்று நிமிடம் கழித்து வலப்பக்கத்திலிருந்து தோவான் கோல் முகப்பைக் கடந்து செல்லும் பந்தொன்றை அனுப்ப, எல்லைக்கோட்டின் விளிம்பில் மித்தோமா அதை உள்ளிழுக்க, கோலின் வாயில் நின்ற தனாகா முடித்தார். பந்து முழுவதும் கோட்டைத் தாண்டவில்லை என்று காணொளி நடுவர் உறுதிசெய்ததை உலகமே விவாதித்தது.

இப்போது கேள்வி: முதல் கோலுக்குச் சற்று முன்னர் ஸ்பெயின் தன் எல்லையிலேயே தட்டிக்கொண்ட பாஸ்கள் எந்தக் கணக்கில் ஏறின? ஸ்பெயினின் ‘ஆதிக்கக்’ கணக்கில். அந்த அணியைக் குழியில் தள்ளிய தொடுதல்கள் ஒவ்வொன்றும் அதன் வரவேட்டில் பதிவாயின. எதிரி விரும்பிய இடத்தில் எதிரி விரும்பிய வேகத்தில் நீ பந்தைத் தட்டிக்கொண்டிருந்தால், அடக்கியவன் யார், அடங்கியவன் யார்?

அத்தோடு நில்லவில்லை. ஐம்பத்தொன்றாம் நிமிடத்திற்குப் பின் முன்னிலையில் இருந்தது ஜப்பான். முன்னிலை பெற்ற அணி பின்வாங்கும்; பின்தங்கிய அணிக்குப் பந்து தானாக வந்து சேரும். ஆக, ஸ்பெயினின் பந்துவச விழுக்காடு ஏறியதற்கு ஒரு முக்கியக் காரணம், அது தோற்றுக்கொண்டிருந்ததுதான். காரணமும் விளைவும் இடம் மாறி நிற்கின்றன. 2014 உலகக் கோப்பை அரையிறுதியில் ஜெர்மனியிடம் 7–1 என்று சிதைந்த பிரேசிலின் பந்துவசம் 52 விழுக்காடு. கோல் நோக்கிய உதைகளிலும் 18–14 என்று பிரேசிலே முன்னிலை. இருபத்தொன்பதாம் நிமிடத்தில் ஐந்து கோல் வாங்கிய பிறகு ஜெர்மனி யாருக்காக வியர்வை சிந்த வேண்டும்? எந்த அளவையாக இருந்தாலும், ஆட்டம் சமநிலையில் இருந்த நிமிடங்களையும் ஓர் அணி முன்னிலையில் இருந்த நிமிடங்களையும் பிரித்துப் பார்க்காதவரை அது அரை உண்மைதான். என் நண்பரின் அட்டவணை இதையும் பிரிக்கவில்லை.

இதே 2022-இல் ஃபிஃபா ஒரு சிறு சீர்திருத்தம் செய்தது. இரு அணிகளின் பங்கோடு, எவர் வசமும் இல்லாமல் போட்டியில் இருக்கும் பந்து என்று மூன்றாவது பங்கும் திரையில் தோன்றியது. நேர்மையான முயற்சி, நேரத்தை நேரமாக அளக்கிறது. ஆனால் இடம் பற்றிய கேள்விக்கு அதிலும் விடையில்லை.

இடத்தை அளக்க வேண்டுமானால் முதற்படி மிக எளியது. களத்தை அகலவாக்கில் மூன்றாகப் பிரியுங்கள். எதிரணியின் கோலை ஒட்டிய கடைசி மூன்றிலொரு பகுதியில் ஓர் அணி கொடுத்த பாஸ்களை மட்டும் எண்ணுங்கள்; எதிரணி உங்கள் பக்கக் கடைசிப் பகுதியில் கொடுத்தவற்றையும் எண்ணுங்கள். இரண்டின் கூட்டுத்தொகையில் உங்கள் பங்கே களச்சாய்வு. ஆங்கில ஆய்வாளர்கள் ஃபீல்டு டில்ட் என்பார்கள். மேசை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதற்கான குறி. ஒரு கற்பனைக் கணக்கு: ‘அ’ அணி 600 பாஸ், ‘ஆ’ அணி 300 பாஸ். பந்துவசம் 67–33. ஆனால் ‘அ’ அணியின் 600-இல் கடைசிப் பகுதியில் நிகழ்ந்தவை 60 மட்டுமே. ‘ஆ’ அணியின் 300-இல் 90. களச்சாய்வு 40–60. திரையில் வென்ற அணி வேறு, நிலத்தில் வென்ற அணி வேறு. தொலைக்காட்சி முன் அமர்ந்து ஒரு நோட்டுப்புத்தகத்தில் கோடு போட்டே இதை எண்ணலாம். கோடைத் தொடரொன்றில் வெளி மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்தும் செய்து பார்த்திருக்கிறேன். கை வலிக்கும், ஆனால் கண் திறக்கும்.

களச்சாய்வும் முழு விடையன்று. ஜப்பானிடம் தோற்ற ஐந்தாம் நாள் ஸ்பெயின் மொராக்கோவைச் சந்தித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாஸ்கள், 120 நிமிடம், கோல் இல்லை, பெனால்ட்டிகளில் ஒன்றைக்கூடப் போடாமல் 3–0 என்று வெளியேற்றம். இம்முறை ஸ்பெயினின் பாஸ்கள் தன் எல்லையில் மட்டும் தேங்கவில்லை. மொராக்கோவின் பெட்டியைச் சுற்றிக் குதிரைலாட வடிவில் பந்து போய்வந்துகொண்டே இருந்தது. நிலம் கையில்; விளைச்சல் இல்லை. கோட்டை வாயிலைச் சுற்றி வந்ததை முற்றுகை எனலாம், நுழைவு எனலாகாது.

நுழைவை அளக்கப் பிறந்ததே எதிர்பார்ப்பு கோல், அதாவது எக்ஸ்ஜி. முன்னர் நிகழ்ந்த பல்லாயிரம் உதைகளின் தரவிலிருந்து, இந்தத் தொலைவில், இந்தக் கோணத்தில், காலாலோ தலையாலோ அடிக்கப்பட்ட உதைகளுள் எத்தனை பங்கு கோலாயிற்று என்று கணித்து ஒவ்வோர் உதைக்கும் பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட மதிப்பு தருவது. பெனால்ட்டி உதைக்கு ஏறத்தாழ முக்கால். முப்பது மீட்டருக்கு அப்பாலிருந்து வரும் நம்பிக்கை உதைக்கு இரண்டு மூன்று நூற்றுமேனி. இதன் பயன் ஒரு சிறு கணக்கில் தெரியும். ஓர் அணி 0.03 மதிப்புள்ள பத்து உதைகள் அடிக்கிறது. மற்றோர் அணி 0.4 மதிப்புள்ள ஒரே உதை. ‘பத்துக்கு ஒன்று’ என்று வருணனையாளர் கூவுவார். ஆனால் முதல் அணி ஒரு கோலாவது போடும் வாய்ப்பு 1 − 0.97¹⁰, அதாவது ஏறத்தாழ 26 விழுக்காடு. இரண்டாவது அணிக்கு 40. ஒற்றை உதை அடித்தவனே மேல்.

எக்ஸ்ஜியை வேதமாக்கும் புதிய மதவாதிகளும் நம்மிடையே பெருகிவிட்டார்கள். அவர்களுக்கும் ஒரு சொல். 2022 பிப்ரவரியில், கொரோனாக் கட்டுப்பாட்டுக் காலத்தில் கோவாவில் நடந்த ஐஎஸ்எல் ஆட்டமொன்றில், நார்த்ஈஸ்ட் யுனைடெட்டுக்கு எதிராகப் பத்துப் பேராகக் குறைந்திருந்த பிளாஸ்டர்ஸின் அல்வாரோ வாஸ்கேஸ், சுமார் 59 மீட்டரிலிருந்து கோல்கீப்பரின் தலைக்கு மேலாகப் பந்தை வலைக்குள் விழவைத்தார். எந்தக் கணிப்பு மாதிரியும் அந்த உதைக்குக் காலணாகூடத் தராது. கோல்கீப்பர் முன்னேறி நின்றதை அடித்தவர் கண்டார். தொலைவும் கோணமும் மட்டும் அறிந்த மாதிரி காணவில்லை. மேலும், எக்ஸ்ஜி உதையில்தான் தொடங்குகிறது. கோல் முகப்பைக் கடந்து சென்ற பந்தை நுனிக்காலால் தவறவிட்டால் உதை இல்லை. உதை இல்லையெனில் மதிப்பு பூச்சியம். மைதானமே எழுந்து நின்ற நொடி ஏட்டில் இல்லை.

அந்த நொடியைப் பிடிக்க முயன்றவர்களுள் ஒருவர் கருண் சிங். 2010-களின் இறுதியில் அவர் முன்வைத்த எக்ஸ்பெக்டெட் திரெட் என்னும் முறையை ‘எதிர்பார்ப்பு அச்சுறுத்தல்’ எனலாம். களத்தை நீளத்தில் பதினாறும் அகலத்தில் பன்னிரண்டுமாக 192 கட்டங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு கட்டத்திற்கும் ஒரே கேள்வி: பந்து இங்கே இருந்தால், அடுத்த சில நகர்வுகளுக்குள் அது கோலாக முடிய என்ன வாய்ப்பு? இங்கிருந்தே உதைத்துக் கோலாகும் வாய்ப்பு ஒருபுறம். வேறொரு கட்டத்திற்கு நகர்த்தினால் அந்தக் கட்டத்தின் மதிப்பு மறுபுறம். ஒரு கட்டத்தின் மதிப்பு மற்றக் கட்டங்களின் மதிப்பைச் சார்ந்திருப்பதால், எல்லாவற்றையும் பூச்சியத்தில் தொடங்கித் திரும்பத் திரும்பக் கணக்கிட, சில சுற்றுகளில் எண்கள் நிலைபெறுகின்றன. மொழியியலார் அறிந்த மார்க்கோவ் சங்கிலியேதான். அப்போது ஒரு பாஸின் மதிப்பு, அது சேர்ந்த கட்டத்தின் மதிப்பிலிருந்து புறப்பட்ட கட்டத்தின் மதிப்பைக் கழித்தால் வருவது. நடுத்தற்காப்பாளர்களின் தட்டல் பூச்சியத்தை ஒட்டி நிற்கும். பிளந்து செல்லும் பாஸ் உயரும். பாஸ்களை எண்ணாதே, நிறு என்கிறது இந்த முறை.

இதைப் படிப்பறை விளையாட்டு என்று ஒதுக்குவோருக்கு ஒரு சிறுவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் பதினாலு வயதுப் பையன் ஒருவன். ஞாயிறு தவறாமல் வெளி மைதானத்தில் ஆடுபவன். சென்ற ஆண்டு ஒரு பயிற்சி மையத்தின் தேர்வுக்குப் போனான். அதன் பெயர் இங்கே வேண்டாம். திருப்பி அனுப்பிவிட்டார்கள். கையில் கொடுத்த தாளில் ஒரே வரி: பந்தை அதிகம் இழக்கிறான். அவன் ஆடியதை நான் பார்த்தேன். உண்மைதான், இழந்தான். பத்து முறை தற்காப்பு வரிசையின் பின்னால் பந்தை நழுவவிட முயன்றான். மூன்று முறைதான் சென்று சேர்ந்தது. அவன் அருகே ஆடிய மற்றொருவன் நாற்பது பாஸ் பக்கவாட்டில் கொடுத்தான், ஒன்றும் தவறவில்லை, தேர்வானான்.

எடுத்துக்காட்டுக்காகச் சில எண்களை வைத்துப் பார்ப்போம். நடுக்களத்துக் கட்டத்தின் மதிப்பு 0.01, பெட்டிக்குள் சென்று சேர்ந்தால் 0.08 எனக் கொள்வோம். சென்றுசேர்ந்த மூன்று பாஸ்களின் வரவு 3 × 0.07 = 0.21. இழந்த ஏழில் கையிலிருந்த மதிப்பு போயிற்று: 0.07. அந்த ஏழிலும் எதிரணிக்குத் தன் கோலருகே பந்து கிடைத்தது. அவ்வளவு பின்னால் கிடைக்கும் பந்தின் மதிப்பு 0.005 என்றால் மொத்தம் 0.035. எல்லாம் கழித்தும் மிச்சம் பத்து நூற்றுமேனிக்குச் சற்று மேல். பக்கவாட்டில் நாற்பது கொடுத்தவனின் மிச்சம் பூச்சியத்தை ஒட்டியது. எண்களை மாற்றினால் விடை மாறும். நடுக்களத்திலேயே பறிகொடுத்தால் இழப்பு பன்மடங்காகும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘இழக்கிறான்’ என்று எழுதும் முன், எங்கே இழந்தான், எதை முயன்று இழந்தான் என்ற இரண்டு பத்திகள் அந்தத் தாளில் இருந்திருக்க வேண்டாமா? பந்துவசத்தை வழிபடும் மனம், ஆட்டத்தைப் பார்ப்பதோடு நிற்பதில்லை, ஆளையும் தேர்ந்தெடுக்கிறது.

எனவே நெடும்பந்து அடித்துவிட்டு ஓடுவதுதான் சரி என்று நான் சொல்வதாக எவரும் திரிக்க வேண்டா. அந்தத் திரிபுக்கும் பழைய வரலாறு உண்டு. 1950 மார்ச்சில் ஸ்விண்டன் டவுன் ஆட்டமொன்றில் பென்சிலும் தாளுமாகக் குறிக்கத் தொடங்கிய சார்லஸ் ரீப் என்ற இங்கிலாந்து விமானப்படை அதிகாரி, பெரும்பாலான கோல்கள் மூன்று பாஸ்களுக்குள் முடியும் நகர்வுகளிலிருந்தே வருகின்றன என்று கண்டு, நீண்ட பாஸ் தொடர்கள் வீண் என்று முடிவுகட்டினார். கால்பந்தில் நகர்வுகளில் பெரும்பாலானவை மூன்று பாஸ்களுக்குள் அறுந்துபோகின்றன என்பதைக் கணக்கில் சேர்க்க மறந்தார். எத்தனையில் எத்தனை என்று கேளாமல் கோல்களை மட்டும் எண்ணினார். பாஸ்களை மட்டும் எண்ணுவது அதே பிழையின் மறுமுகம்.

நம் நாட்டிலேயே இரு பக்கத்துக்கும் சான்று உண்டு. 2019–20 பருவத்தில் செர்ஹியோ லொபேரா வார்த்தெடுத்த எஃப்சி கோவா, பந்தைத் தன்னிடம் வைத்திருக்கும் ஆட்டத்திற்குப் பெயர்பெற்றது; பதினெட்டு லீக் ஆட்டங்களில் 46 கோல் அடித்து முதலிடம் பிடித்தது. அவர்களுடைய பாஸ்கள் முன்னோக்கிப் பாய்ந்தன. பெட்டிக்குள் ஆள் நிறைந்தது. ஆனால் அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் சென்னையின் எஃப்சி, எல்லாவற்றையும் தலைகீழாக்கி 4–1 என்று வென்றது. மறு ஆட்டத்தில் கோவா 4–2 என்று மீண்டும், மொத்தத்தில் 6–5 என்று சென்னையே இறுதிக்குச் சென்றது. அதே பருவத்தில் நம் பிளாஸ்டர்ஸ் எல்கோ ஸ்கட்டோரியின் கீழ் ஏழாமிடம். அடுத்த பருவத்தில் கிபு விக்குனாவின் கீழ் பத்தாமிடம். இருவருமே பந்தை வைத்து ஆடுவதில் நம்பிக்கையுள்ளவர்கள் என்ற புகழோடு வந்தவர்கள். அதற்கடுத்த ஆண்டு வந்த இவான் வுகோமனோவிச், எதிரணி தவறிய கணமே வாஸ்கேஸையும் பெரேரா தியாஸையும் தேடிப் பந்தை முன்னே அனுப்பச் செய்தார். அணி இறுதிவரை சென்று, 2022 மார்ச் 20 அன்று ஹைதராபாத்திடம் பெனால்ட்டிகளில்தான் வீழ்ந்தது. பெரும்பாலும் அதே நிதிநிலை, அதே மஞ்சள் சட்டை. பந்தை எவ்வளவு நேரம் வைத்திருந்தோம் என்பதில் இல்லை வேறுபாடு; பறித்த பந்து எத்தனை விரைவில் எதிரியின் கடைசிப் பகுதிக்குச் சென்றது என்பதில் இருந்தது. ஆளும் மாறினார்கள் என்பதை மறுக்கவில்லை. வாஸ்கேஸ் போன்றவர் இருந்தால் எவருக்கும் கை நீளும்.

என் நண்பரின் மறுப்பு எனக்குத் தெரியும். ‘களச்சாய்வும் அச்சுறுத்தல் மதிப்பும் இங்கே எல்லா ஆட்டத்திற்கும் பொதுவில் கிடைப்பதில்லை, கிடைப்பது பந்துவச விழுக்காடு ஒன்றுதான்.’ விளக்கு வெளிச்சத்தில் மட்டும் சாவியைத் தேடியவன் கூறிய நியாயமும் இதுவே. அவர் எடுத்துக்கொண்டவை இருபத்துநான்கு ஆட்டங்கள். காணொளிகள் கையில் உள்ளன. ஓர் ஆட்டத்தின் கடைசிப் பகுதிப் பாஸ்களை எண்ண, நிறுத்தி நிறுத்திப் பார்த்தாலும் மூன்று மணி நேரம் போதும். எண்ணும்போது ஆட்டநிலையை, அதாவது அந்நொடியில் எவர் முன்னிலையில் இருந்தார் என்பதை, ஓரத்தில் குறித்துவிட வேண்டும். இருவர் தனித்தனியே எண்ணி ஒப்பிட்டால் குறிப்பவரின் சார்பும் தெரியவரும். முனைவர் பட்ட ஆய்வில் இதைவிடச் சலிப்பான வேலைகளை நாம் அனைவரும் செய்திருக்கிறோம். இரண்டாம் எண்ணிக்கையாளனாக நானே உட்காரத் தயார் என்றும் எழுதியிருக்கிறேன்.

வரைவைத் திருப்பி அனுப்பும்போது முப்பது பக்கத்தில் ஒரே ஒரு திருத்தம்தான் செய்தேன். நான்காம் பக்க அட்டவணையில் ‘ஆதிக்கம்’ என்ற தலைப்பை அடித்துவிட்டு, மேலே ‘பாஸ் பங்கு’ என்று எழுதினேன். அந்தத் தலைப்போடு மற்ற இருபத்தாறு பக்கங்களையும் ஒருமுறை வாசித்துப் பார்க்கச் சொன்னேன். இன்னும் பதில் வரவில்லை.